படத்தில் வந்த அட்டவணையும் ஒரே ஒரு மாணவரும்

தம்பி தங்கைகளே, படிவம் 4 படிக்கும் தம்பி ஒருவர் தன் புள்ளியியல் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். 20 மாணவர்கள் ஒரு மாதத்தில் நூலகத்தில் எத்தனை புத்தகம் இரவல் வாங்கினார்கள் என்ற அட்டவணை அது.

| புத்தகம் (x) | 1 | 2 | 3 | 4 | 10 |
|---|---|---|---|---|---|
| மாணவர் (f) | 4 | 7 | 5 | 3 | 1 |

படத்தில் நிழல் விழுந்ததால், அந்த 7 சரியாகத் தெரியலை. 1 மாதிரியும் இருந்தது. இந்த இடத்தில் ஊகிக்க வேண்டாம். மற்ற நான்கையும் கூட்டினால் 13. மொத்தம் 20 என்று கேள்வியே சொல்கிறது. அப்படின்னா அது 7தான். கணக்கைத் தொடங்குமுன் இப்படிக் கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

சராசரி: ஒவ்வொரு x-ஐயும் அதன் f-ஆல் பெருக்கிக் கூட்டினால் 55. அதை 20-ஆல் வகுத்தால் 2.75. பலர் ஐந்து கட்டம் இருக்கிறதே என்று 5-ஆல் வகுத்துவிடுவார்கள். நாம் எண்ணுவது கட்டங்களை இல்லை, மாணவர்களை.

நடுவெண்: இதிலும் அதே கவனம் வேண்டும். மேல்வரிசையின் நடுவில் 3 இருக்கிறது என்று அதை எழுதக்கூடாது. 20 பேரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர்கள் 10-வது, 11-வது ஆள். முதல் 4 பேர் ஒரு புத்தகம், அடுத்த 7 பேர் இரண்டு புத்தகம். ஆக, 5 முதல் 11 வரை எல்லாருக்கும் 2. நடுவெண் 2.

திட்ட விலக்கம்: நம் பாடநூலில் வரும் சிசிஹான் பியாவாய்தான் இது.

σ = √(Σfx²/N − x̄²)

Σfx² = 4 + 28 + 45 + 48 + 100 = 225. அதனால் σ = √(11.25 − 7.5625) = √3.6875 ≈ 1.92. கால்குலேட்டரில் சரிபார்க்கும்போது σx-ஐப் பாருங்கள். sx என்பது N−1-ஆல் வகுப்பது, அது 1.97 என்று காட்டும்.

விடை வந்தாச்சு. ஆனா அந்த 1.92 என்ன சொல்கிறது? 225-இல் 100, பத்துப் புத்தகம் வாங்கிய ஒரே மாணவரிடமிருந்து வந்தது. வர்க்கம் எடுப்பதால், தூரத்தில் நிற்பவரின் பங்கு பெரிதாகிவிடுகிறது. அவரை விட்டுவிட்டு 19 பேருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள்: சராசரி 2.37, σ 0.98. பரவல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. நடுவெண் மட்டும் அதே 2.

அதற்காக விடைத்தாளில் அந்த 10-ஐ நீக்கிவிடக் கூடாது. அது உண்மையான தரவு. விளக்கம் கேட்டால் இப்படி எழுதலாம்: பெரும்பாலோர் 1 முதல் 4 புத்தகம்தான் வாங்கியுள்ளனர், ஒரு மாணவரின் 10, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் உயர்த்திவிட்டது, ஆகவே இந்த வகுப்பின் வழக்கத்தை நடுவெண் 2 நன்றாகக் காட்டுகிறது.