ஒரே 12 சதவீதம். எனக்கு மட்டும் ஏன் இரு மடங்கு வட்டி?

கேள்வி: 2025 மார்ச்சில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் பைக் கடன் வாங்கினேன். கடன் ஒரு லட்சம் ரூபாய், 24 மாதத் தவணை. ‘வட்டி 12 சதவீதம்தான் சார்’ என்று ஷோரூமில் இருந்த அவர்களுடைய ஆள் சொன்னார். ஆவணக் கட்டணம் என்று 3,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு மீதியை ஷோரூமுக்கு அனுப்பினார்கள். மாதத் தவணை 5,167 ரூபாய். அதே சமயத்தில் என் மைத்துனர் வங்கியில் ஒரு லட்சம் கடன் வாங்கினார். அவருக்கும் 12 சதவீதம்தான், 24 மாதம்தான். தவணை 4,707 ரூபாய். 12 தவணை கட்டிவிட்டு, கடனை முடித்துவிடலாம் என்று போய்க் கேட்டேன். பாதிக் காலம் முடிந்ததால் அசலில் 50,000 இருக்கும் என்று நினைத்தேன். 55,000 ரூபாய்க்கு மேல் என்கிறார்கள். இது மோசடி இல்லையா? வழக்குப் போடலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பல்லடம்

பதில்: உங்கள் தவணையில் கணக்குப் பிழை இல்லை. பிரச்சினை, ‘12 சதவீதம்’ என்று உங்களிடம் சொல்லப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது. கணக்கைப் புரிந்துகொண்டால்தான் சட்டத்தில் உங்கள் பிடி எங்கே என்பது தெரியும். அதனால் முதலில் கணக்கு.

உங்களுக்குப் போட்டது ‘ஃப்ளாட்’ வட்டி. ஒரு லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 12,000. இரண்டு ஆண்டுக்கு 24,000. இதை அசலோடு கூட்டி, 1,24,000 ரூபாயை 24-ஆல் வகுத்தால் 5,167 வருகிறது. மைத்துனருக்குப் போட்டது ‘குறையும் நிலுவை’ வட்டி. ஒவ்வொரு மாதமும் எவ்வளவு அசல் பாக்கி நிற்கிறதோ அதற்கு மட்டும் வட்டி. இரண்டு ஆண்டுகளில் அவர் கட்டும் மொத்த வட்டி ஏறக்குறைய 12,976 ரூபாய். நீங்கள் கட்டுவது 24,000.

உங்கள் கடைசித் தவணையை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஃப்ளாட் கணக்குப்படி ஒவ்வொரு தவணையிலும் 4,167 ரூபாய் அசலுக்கு, 1,000 ரூபாய் வட்டிக்கு. 24-ஆம் மாதத்தில் உங்களிடம் பாக்கி நிற்பது வெறும் 4,167 ரூபாய்தான். அதற்கு உண்மையான 12 சதவீத வட்டி, மாதத்துக்கு 42 ரூபாய். நீங்கள் கொடுப்பதோ முதல் மாதம் கொடுத்த அதே 1,000 ரூபாய். எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் கடைசி வரை வட்டி கட்டுகிறீர்கள். மாதாமாதம் அசல் குறையும் கடனில் சராசரியாக உங்கள் கையில் இருந்தது பாதித் தொகைதான். ஆகவே ஃப்ளாட் வட்டி, உண்மையில் ஏறக்குறைய இரு மடங்கு வட்டி.

துல்லியமாகக் கணக்கிட்டால், உங்கள் ‘12 சதவீதம்’ குறையும் நிலுவை முறையில் ஆண்டுக்கு சுமார் 21.6 சதவீதம். பிடித்தம் செய்த 3,000 ரூபாயையும் சேர்த்தால் 24.8 சதவீதம், ஏனென்றால் 97,000 கொடுத்துவிட்டு ஒரு லட்சத்துக்குத் தவணை வாங்குகிறார்கள். கணினியில் எக்செல் இருந்தால் இதை நீங்களே சரிபார்க்கலாம்:

```
=RATE(24,-5167,97000)*1200
```

வரிசையாக, தவணைகளின் எண்ணிக்கை, தவணைத் தொகை, உங்களுக்காக உண்மையில் கொடுக்கப்பட்ட தொகை. விடையாக வருவது ஆண்டு வட்டி.

55,000 எப்படி வந்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஃப்ளாட் என்பது பெரும்பாலும் வாயால் சொல்லும் வட்டி. நிறுவனத்தின் ஏட்டில் உங்கள் கடன் 21.6 சதவீதக் குறையும் நிலுவைக் கடனாகவே ஓடுகிறது. அதில் தொடக்க மாதங்களில் வட்டிக்கு அதிகமாகவும் அசலுக்குக் குறைவாகவும் போகும். 12 தவணையில் நீங்கள் கட்டிய 62,000 ரூபாயில் ஏறக்குறைய 17,300 வட்டிக்கும் 44,700 அசலுக்கும் போயிருக்கும். மீதி அசல் சுமார் 55,300. கடனை முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம் தனி. நிலையான வட்டிக் கடனில் அது உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியுள்ளபடிதான்.

இனி சட்டம். ஃப்ளாட் முறையில் தவணை போடுவதே சட்டவிரோதம் என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மையான ஆண்டு வட்டியை மறைக்க நிதி நிறுவனத்துக்கு உரிமை இல்லை. 2024 அக்டோபர் 1 முதல் தரப்படும் சில்லறைக் கடன்களுக்கு, கையெழுத்துக்கு முன்பே ‘கே.எஃப்.எஸ்.’ என்ற முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்து விளக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வட்டியோடு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ‘ஏ.பி.ஆர்.’ என்ற ஆண்டு விகிதம் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தவணையிலும் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்ற அட்டவணையும் வேண்டும். அதில் சொல்லாத கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்கக் கூடாது. உங்கள் கடன் இந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது என்பதால் இவை அனைத்தும் உங்களுக்குப் பொருந்தும்.

ஆகவே வழக்கின் பலம் அந்த ஒரு தாளைப் பொறுத்தது. அதில் 24.8-ஐ ஒட்டிய எண் இருந்து, கீழே உங்கள் கையெழுத்தும் இருந்தால் வழக்கு பலவீனமானது. தவறான தகவலை நம்பிச் செய்த ஒப்பந்தத்தை ரத்து செய்ய இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு வழிவிடுகிறது. ஆனால் சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால் பொதுவாக அந்த வழி அடைபட்டுவிடும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. மாறாக, தாளே தரவில்லை என்றாலோ, ஏ.பி.ஆர். இடத்தில் 12 என்று போட்டிருந்தாலோ, உங்கள் புகாருக்கு நல்ல பலம் உண்டு. ‘12 சதவீதம்’ என்று வந்த வாட்ஸ்அப் செய்தி, துண்டுப்பிரசுரம் எது இருந்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் கே.எஃப்.எஸ்., ஒப்பந்தம், தவணை அட்டவணை, கணக்கு அறிக்கை ஆகியவற்றின் நகல்களை எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம்; கட்டணம் இல்லை. நிறுவனம் அந்தத் திட்டத்துக்குள் வருகிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும் என்பதால் தாமதிக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். கோபத்தில் தவணையை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் தவறியவர் நீங்கள் என்றாகிவிடும். வண்டியை எடுக்க வருவார்கள், சிபில் மதிப்பெண்ணும் இறங்கும். தவணையைக் கட்டிக்கொண்டே புகாரை நடத்துங்கள்.

கடன் வாங்கப் போகும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: ‘வட்டி எத்தனை சதவீதம்’ என்று கேட்காதீர்கள். ‘ஏ.பி.ஆர். எவ்வளவு, எந்தத் தாளில் எழுதியிருக்கிறது’ என்று கேளுங்கள். அந்த எண்ணைக் கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.