மைக் யார் கையில் இருக்கிறது: மேடையேறும் இளம் கலைஞருக்குக் கடிதம்



கல்லூரிக் கலைவிழாவில் மிமிக்ரியோ நகைச்சுவைப் பேச்சோ செய்பவரைத் தடுமாற வைப்பவை இரண்டு. ஒன்று, கூட்டத்திலிருந்து வரும் குரல். மற்றொன்று, கூட்டத்தின் மௌனம். இரண்டும் அவரை அவசரப்படுத்துகின்றன. அவசரத்தில் பேச்சு வேகமெடுக்கிறது, குரல் உயர்கிறது, வாயில் வரும் அடுத்த சொல் சுடுசொல்லாகிவிடுகிறது. சட்டென்று ஒரு நல்ல பதில் சொல்லும் திறமை, அவசரப்படாமல் நிற்கும் பழக்கத்திலிருந்துதான் வருகிறது.

அந்தப் பழக்கத்துக்கு ஒலியின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒலிபெருக்கியின் சத்தம் போய்ச் சேர 0.3 நொடி ஆகும். அவர் சிரிக்கும் சத்தம் மேடைக்குத் திரும்ப இன்னொரு 0.3 நொடி. நகைச்சுவை புரிவதற்கான கணம் இதற்கு மேல். விடுதி அறையில் நாலு நண்பர்கள் முன் ஒத்திகை பார்த்தவருக்குச் சிரிப்பு உடனே கிடைத்துப் பழகியிருக்கும். மைதானத்தில் அது சற்றுப் பிந்தி வரும். சுவரும் கூரையும் இல்லாததால் சிதறியும் போகும். மேடை விளக்கு கண்ணில் அடிப்பதால் முகங்களும் தெரியாது. சிரிக்கிற கூட்டத்தைச் சிரிக்காத கூட்டம் என்று நினைத்து, வந்துகொண்டிருக்கும் சிரிப்பின் மேலேயே அடுத்த வரியைப் போட்டு அமுக்கிவிடுபவர்கள் பலர். ஒவ்வொரு சிரிப்பு வரிக்குப் பிறகும் மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத் தொடர்வது இதற்கு மருந்து.

கூட்டத்திலிருந்து வரும் குரல்கள் எல்லாம் ஒரே ரகம் அல்ல. “மைக் கேக்கல” என்பது தகவல். அதற்கு நகைச்சுவையாகப் பதில் சொல்வது தவறு, ஒலி அமைப்பாளரைத் திரும்பிப் பார்ப்பதே சரி. “தலைவா”, “ஒன்ஸ் மோர்” போன்றவை உற்சாகம். ஒரு புன்னகையும் தலையசைப்பும் போதும். “மொக்கை”, “அடுத்து யாரு”, “கீழ இறங்கு” என்பவை பொறுமையின்மை. சமயோசிதமான பதிலுக்கு உரிய இடம் இதுதான். நான்காவது ரகம், உடலையோ சாதியையோ மொழியையோ பாலினத்தையோ குறிவைக்கும் வசை. அதற்கு நகைச்சுவையால் பதில் சொல்லும் கடமை எந்தக் கலைஞருக்கும் கிடையாது.

பொறுமையின்மையிலிருந்து வரும் குரலுக்குப் பதில் மூன்று படிகளில் அமைகிறது. முதல் படி, கேட்டதை மைக்கில் திருப்பிச் சொல்வது. பின் வரிசையிலிருந்து ஒருவர் கத்தினால் அவரைச் சுற்றியுள்ள சிலருக்குத்தான் அது கேட்கும். மற்றவர்கள் கலைஞர் திடீரென்று நின்றதையும் பதில் சொன்னதையும் மட்டுமே பார்ப்பார்கள். கேள்வி தெரியாத பதிலுக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். திருப்பிச் சொல்லும்போது எல்லாருக்கும் கேள்வி தெரிகிறது, கலைஞருக்கும் யோசிக்க இரண்டு மூன்று நொடி கிடைக்கிறது. கத்தியவரின் குரலைக் கேலியாக நடித்துக் காட்டாமல், சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். மிமிக்ரி கலைஞருக்கு இந்த ஆசை எழுவது இயல்பு என்பதால் அவருக்கு இது கூடுதல் கவனம்.

இரண்டாம் படி, ஒரே ஒரு வரியில் பதில். அந்த வரி கத்தியவரைத் தொடாமல், அங்கே எல்லாரும் அனுபவித்துக்கொண்டிருக்கும் நிலைமையைத் தொட வேண்டும்: தாமதம், கொசு, மின்வெட்டு, கேன்டீன் வரிசை, அல்லது கலைஞரின் சொந்த நிலை. மூன்றாம் படி, உடனே நிகழ்ச்சிக்குத் திரும்புவது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசிச் சிரிக்க வைப்பான், அடுத்த நொடி கதைக்குள் போய்விடுவான். திரும்பத் தெரியாதவனால் அந்த வேடத்தைக் கட்ட முடியாது. பதில் நன்றாக அமைந்து கைதட்டல் கிடைத்ததும் இன்னொரு வரி சொல்லிப் பார்க்கத் தோன்றும். அந்த இரண்டாவது வரியில்தான் பெரும்பாலும் சறுக்கல் நேர்கிறது.

இதை ஒரு நிலைமையில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பொறியியல் கல்லூரியின் விழா. வெளிக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு 8 நிமிட மிமிக்ரி. மாலை 6.30க்கு என்று சொன்னது 8.15க்குத்தான் தொடங்குகிறது. அடுத்தது மெல்லிசைக் குழு. டிரம்ஸ் ஏற்கெனவே மேடையின் பின்பகுதியில் ஏற்றப்பட்டுவிட்டது, கூட்டத்தின் கண் அதன் மேல் இருக்கிறது. முதல் இரண்டு குரல்களுக்குச் சுமாரான சிரிப்பு. மூன்றாவது குரலின்போது இடப்பக்கத்திலிருந்து ஒருவர் கத்துகிறார்: “டேய், கீழ இறங்குடா!”

மாணவர் பேச்சை நிறுத்துகிறார். அந்தத் திசையைப் பார்த்துச் சிரிக்கிறார். “அண்ணன் என்னைக் கீழ இறங்கச் சொல்றாரு” என்று மைக்கில் சொல்லி ஒரு கணம் நிற்கிறார். பிறகு: “நானும் ஆறரைக்கு ஏறி ஏழு மணிக்கெல்லாம் இறங்கிடலாம்னுதான் வந்தேன்ணா. ஏத்தினதே எட்டேகாலுக்குத்தான்.”

இந்த வரி எடுபடக் காரணம் உண்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரமாகக் காத்திருப்பது கத்தியவர் மட்டுமல்ல, மொத்தக் கூட்டமும்தான். எல்லார் மனத்திலும் இருக்கும் எரிச்சலை அது சொல்லிவிடுகிறது. காத்திருந்தவர்களில் கலைஞரும் ஒருவர் என்று காட்டுகிறது. “அண்ணா” என்ற விளி, “டேய்” என்று அழைத்தவரை மரியாதையால் ஒரு படி ஏற்றிவிடுகிறது. அதற்குப் பிறகும் அவர் வைதால் அவருடைய நண்பர்களே அவரை அடக்குவார்கள். ஒருங்கிணைப்பாளர்களின் பெயரையோ கல்லூரியின் நிர்வாகத்தையோ பதில் இழுக்கவில்லை என்பதும் முக்கியம்.

கத்தியவர் விடாமல், “அப்போ சீக்கிரம் முடி!” என்கிறார். மாணவரின் பதில்: “இன்னும் மூணே குரல்ணா. அப்புறம் டிரம்ஸ் உங்களுக்கு.” இதில் நகைச்சுவை குறைவு, வாக்குறுதி அதிகம். எவ்வளவு நேரம் என்று தெரிந்துவிட்டால் கூட்டத்தின் பொறுமை நீளும். ஆனால் சொன்ன எண்ணைக் காப்பாற்றியாக வேண்டும். மாணவர் மீதியிருந்த ஆறு குரல்களில் மிக உறுதியான மூன்றை மட்டும் செய்கிறார். மூன்றாவது முடிந்ததும் இடப்பக்கம் திரும்பி, “அண்ணா, இப்போ இறங்கட்டுமா?” என்று கேட்டு வணங்குகிறார். தொடக்கத்தில் கேட்ட அதே சொல் முடிவில் திரும்பி வருவதால் கூட்டம் முழுவதும் அதில் பங்கு கொள்கிறது. 8 நிமிடம் 5 நிமிடமாகச் சுருங்கியதை எவரும் குறையாக நினைக்கப் போவதில்லை.

இதே இடத்தில் வேறு விதமான பதிலும் வாயில் வரும். கத்தியவரின் தோற்றம், அவருடைய அரியர், அவர் அப்பா, அவருடைய துறை என்று எதையாவது பிடித்து அடிப்பது. முதல் இரண்டு நொடி ஓர் ஆரவாரம் எழும். ஆனால் அவர் தன் கல்லூரியில், தன் வகுப்புத் தோழர்கள் நடுவில் நிற்கிறார், மேடையில் இருப்பவர் விருந்தாளி. அடி ஒருவர் மேல் விழுந்ததும் அந்த வகுப்பே தன் மேல் விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். ஒரு குரல் இருபது குரலாகும். பதில் பிசகிவிட்டது என்பதை இதை வைத்தே கண்டுகொள்ளலாம்: நல்ல பதிலுக்குக் கத்தியவரும் சிரிப்பார், கெட்ட பதிலுக்கு அவரைச் சுற்றியுள்ளவர்கள் எழுந்து நிற்பார்கள். அப்படி நேர்ந்துவிட்டால், “தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க” என்று ஒருமுறை தெளிவாகச் சொல்லித் தொடர்வது ஒன்றே வழி.

வசை மூன்றாம் முறையும் தொடர்ந்தால், பொருள் எறியப்பட்டால், பெண் கலைஞரை நோக்கி உடல் பற்றிய பேச்சு வந்தால், பதில் தேடக் கூடாது. பேச்சை நிறுத்தி, மேடையோரம் நிற்கும் ஒருங்கிணைப்பாளரை அழைத்து, நிலைமை சரியான பிறகு தொடர வேண்டும். சரியாகாவிட்டால் நன்றி சொல்லி இறங்கிவிடுவதில் இழுக்கு இல்லை.

மௌனத்துக்கு வேறு அணுகுமுறை வேண்டும், ஏனென்றால் அதில் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை. முதலில் காரணத்தைக் கண்டறிய வேண்டும். கேட்கவில்லை என்றால் பின்பகுதியில் சலசலப்பு கூடும், முன்பகுதி மட்டும் அமைதியாக இருக்கும். “கேக்குதா?” என்று பொதுவாகக் கேட்டால் தெளிவான விடை வராது. “பின்னாடி நிக்கிறவங்க, கேட்டுச்சுன்னா கையத் தூக்குங்க” என்று கேட்டால் விடை கண்ணுக்குத் தெரியும். கைகள் எழாவிட்டால் மைக்கை வாயிலிருந்து இரண்டு விரற்கடைத் தூரத்துக்குக் கொண்டுவந்து, அதன் வலைத் தலையை விரல்களால் மூடாமல் தண்டைப் பிடித்துப் பேசிப் பார்க்க வேண்டும்.

கேட்டும் சிரிப்பு இல்லையென்றால், எடுத்துக்கொண்ட குரல் கூட்டத்துக்குத் தெரியாததாக இருக்கலாம். எம்.ஆர்.ராதா குரலை எவ்வளவு துல்லியமாகச் செய்தாலும், அவர் படம் பார்த்திராத முதலாண்டு மாணவருக்கு அது வெறும் கரகரப்பு. அடுத்த குரலை, அவர்கள் தினமும் கேட்கும் ஒன்றாக மாற்ற வேண்டும்: பேருந்து நடத்துநர், ரயில் நிலைய அறிவிப்பு, விடுதி வார்டன். முன் வரிசையில் பேராசிரியர்கள் இருப்பதால் மாணவர்கள் அடக்கி வாசிப்பதும் உண்டு. பேராசிரியர் ஒருவர் சிரித்துவிட்டால் அந்தக் கட்டு அவிழும். அதற்காக அவர்களைக் கேலி செய்ய வேண்டியதில்லை, அவர்களுக்குப் பிடித்த பழைய நடிகர் குரல் ஒன்றைச் செய்தால் போதும். எம்.ஆர்.ராதா அங்கேதான் கைகொடுப்பார்.

மௌனத்தைப் பற்றி ஒருமுறை பேசலாம். “இவ்வளவு அமைதிய எக்ஸாம் ஹால்லகூட நான் பார்த்ததில்ல” என்பது போன்ற வரி, எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்வதால் இறுக்கத்தைத் தளர்த்தும். இரண்டாம் முறை அதையே சொன்னால் புகாராகிவிடும். “கைதட்டுங்கப்பா” என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் அப்படியே. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவார். கூட்டம் வாய் திறக்கும்வரை அந்த “ஆமா” கதையைத் தாங்கும். மேடையில் தனியாக நிற்பவரும் அப்படி ஒரு “ஆமா”வைக் கூட்டத்தில் தேட வேண்டும். எங்கோ ஒரு மூலையில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரம் அவர்களிடம் மட்டும் பேசினால் சிரிப்பு பக்கத்து வரிசைக்குப் பரவும்.

சட்டென்று வரும் பதிலில் பெரும்பங்கு முன்கூட்டியே சேர்த்ததுதான். நிகழ்ச்சிக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் மைதானத்தைச் சுற்றி வருவது நல்லது. கேன்டீனில் எது தீர்ந்துபோனது, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் எந்த விடுதி என்பதெல்லாம் பதிலுக்கான சரக்கு. கேட்டறிந்த உள்ளூர்ச் செய்தியை, அது யாருடைய புண்ணையும் கிளறாது என்று ஒருங்கிணைப்பாளரிடம் உறுதி செய்துகொண்ட பிறகே பயன்படுத்த வேண்டும். தாமதம், மைக் கோளாறு, “மொக்கை” என்ற கூச்சல், மௌனம் ஆகிய நான்குக்கும் தலா ஒரு வரி கையில் இருந்தால், தேவைப்படும் கணத்தில் அந்த இடத்துக்கேற்ப ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் போதும்.

கூட்டத்தில் எவ்வளவு பெரிய குரல் எழுந்தாலும் மைக் ஒன்றுதான், அது கலைஞர் கையில் இருக்கிறது. ஆயிரம் பேருக்குக் கேட்கும் குரலோடு நிற்பவர், ஒலிபெருக்கி இல்லாத ஒருவரை அடிப்பது வெற்றியாகாது. அவரையும் சிரிக்க வைத்து இறங்குபவரைத்தான் அந்தக் கல்லூரி அடுத்த ஆண்டும் அழைக்கும்.