நிஹ்ட், கைன்: ஜெர்மன் வாக்கியத்தில் மறுப்பு நிற்கும் இடம்

ஜெர்மன் மொழியில் மறுத்துப் பேச முக்கியமாக வேண்டியவை இரண்டு சொற்கள்: நிஹ்ட், கைன். கைன் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி நிற்கும். வினை, பெயரடை, நேரம், இடம் என்று மற்றதையெல்லாம் நிஹ்ட் மறுக்கும். கைன் வரவேண்டிய இடத்தில் நிஹ்ட் போட்டால் வாக்கியம் கொச்சையாகக் கேட்கும், ஆனால் சொல்ல வந்தது பெரும்பாலும் புரிந்துவிடும். நிஹ்ட் ஓரிடம் தள்ளி நின்றால் அப்படியல்ல. இலக்கணப் பிழை எதுவும் இல்லாத, ஆனால் வேறு செய்தியைச் சொல்கிற வாக்கியம் உருவாகிவிடும். படிப்பவருக்குச் சந்தேகமே வராது. அதனால்தான் இந்தப் பிழை அதிக விலை கேட்கிறது.

கைனுக்கான விதி எளிது. மறுப்பில்லாத வாக்கியத்தில் பெயருக்கு முன் 'ஐன்' என்ற சொல் இருந்தாலோ, எதுவுமே இல்லாமல் பெயர் தனியாக நின்றாலோ, மறுக்கும்போது கைன் வரும். 'இஹ் ஹாபெ ட்சைட்' என்றால் எனக்கு நேரம் இருக்கிறது. 'இஹ் ஹாபெ கைனெ ட்சைட்' என்றால் நேரம் இல்லை. ஐன் எப்படியெல்லாம் உருமாறுமோ அப்படியே கைனும் மாறும். ஐனுக்குப் பன்மை கிடையாது, கைனுக்கு உண்டு, வித்தியாசம் அவ்வளவுதான். பெயருக்கு முன் டேர், டீ, டாஸ் போன்ற சுட்டோ, 'என்', 'எங்கள்' என்ற உரிமைச்சொல்லோ இருந்தால் கைனுக்கு அங்கே வேலையில்லை, நிஹ்ட் வரும். தமிழில் டேர், டீ, டாஸ் போன்றவை இல்லாததால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது உதவும்: எந்த அறிக்கை என்று எதிரில் இருப்பவருக்குத் தெரியுமா? தெரியும் என்றால் 'டென் பெரிஹ்ட்', மறுப்பு நிஹ்ட். தெரியாது என்றால் 'கைனென் பெரிஹ்ட்'. ஜெர்மன் மொழியில் அமைத்த இயந்திரத்தின் திரையிலேயே இரண்டையும் பார்க்கலாம். `Keine Verbindung` என்பதில் மறுக்கப்படுவது பெயர்: இணைப்பு இல்லை. `Achse nicht referenziert` என்பதில் மறுக்கப்படுவது வினையெச்சம் போன்ற வடிவம்: அச்சு இன்னும் தன் தொடக்கப் புள்ளியைக் கண்டுபிடிக்கவில்லை.

இனி நிஹ்ட். டைம்லரின் லாரி ஆலை 2012-இல் திறந்த ஒரகடத்தின் வழியாக, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை போகும் சாலையில் ஷிப்ட் முடித்துவிட்டு ஜெர்மன் வகுப்புக்கு ஓடுகிறவர்களுக்கு நிஹ்ட் வந்து சேர்வது பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான். ஆசிரியர் ஆங்கிலத்தில் விளக்குவார், மாணவர் ஆங்கிலத்தில் குறிப்பெடுப்பார், வாக்கியம் ஆங்கில வரிசையில் மனதில் நிற்கும். இது தேவையில்லாத சுற்றுவழி. நிஹ்ட் விஷயத்தில் ஜெர்மன் மொழி ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குத்தான் நெருக்கம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பும் அந்த வினையோடு அங்கேயே இருக்கிறது. ஜெர்மன் வாக்கியத்தின் அடிப்படை அமைப்பும் அதுவே. தலைமை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்துக்கு ஓடிவிடுவதால் அது கண்ணில் படுவதில்லை.

துணை வாக்கியத்தில் அது தெளிவாகத் தெரியும். 'வைல்' (ஏனென்றால்) என்று தொடங்கினால் வினை கடைசிக்குப் போயே தீரும்: 'வைல் டீ மஷீனெ ஹொய்ட்டெ நிஹ்ட் லொய்ஃப்ட்.' சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால், மெஷின், இன்று, இல்லை, ஓடுகிறது. 'மெஷின் இன்னைக்கு ஓடலை' என்ற வரிசைதான். மறுப்பு மட்டும் வினைக்குப் பின்னால் ஒட்டாமல் முன்னால் நிற்கிறது. இப்போது வைலை எடுத்துவிட்டு வினையை மட்டும் இரண்டாம் இடத்துக்கு நகர்த்தினால் 'டீ மஷீனெ லொய்ஃப்ட் ஹொய்ட்டெ நிஹ்ட்' என்று வரும். நிஹ்ட் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வினை கிளம்பிப் போனதால் அது வாக்கியத்தின் கடைசிச் சொல்லாகிவிட்டது. 'நிஹ்ட் சில சமயம் கடைசியில் வரும், சில சமயம் நடுவில் வரும்' என்று வகுப்பில் சொல்லிக் குழப்புவதற்குப் பின்னால் இருப்பது இந்த ஒரு நகர்வுதான்.

துணைவினையோடு அமையும் இறந்தகாலத்தில் அந்தத் துணைவினை மட்டும் முன்னே போகும், எச்ச வடிவம் கடைசியில் தங்கிவிடும். ஆகவே நிஹ்ட் அதற்கு முன்னால் நிற்கும்: 'வியர் ஹாபென் டீ டைலெ நிஹ்ட் கெஷிக்ட்', நாங்கள் அந்தப் பாகங்களை அனுப்பவில்லை. வினையோடு பிரிக்க முடியாமல் ஒட்டியவையும் இதே கணக்கில் சேரும். 'ஷ்டுட்கார்ட்டுக்குப் போ' என்பதில் ஷ்டுட்கார்ட் இல்லாமல் 'போ' என்பதன் பொருள் முழுமையாகாது. அதனால் 'இஹ் ஃபாரெ நிஹ்ட் நாஹ் ஷ்டுட்கார்ட்.' அறிக்கை முடியவில்லை என்பதற்கு 'டேர் பெரிஹ்ட் இஸ்ட் நிஹ்ட் ஃபெர்ட்டிஹ்'. இங்கே 'இருக்கிறது' என்ற வினைக்கு 'முடிந்ததாக' என்பதுதான் உயிர். செயப்படுபொருள் குறிப்பானதாக இருந்தால் அது நிஹ்ட்டுக்கு முன்னால் வந்துவிடும். நேரமும் அப்படியே முன்னால் வரும். ஆனால் 'அடிக்கடி', 'எப்போதும்' போன்றவற்றுக்கு நிஹ்ட் முன்னால் நிற்கும், ஏனென்றால் அங்கே மறுக்கப்படுவது அந்தச் சொற்கள்தான்.

அதிகம் மாட்டிவிடும் இடம் நேரச்சொல். கரும்பலகையில் எழுதிப்போடும் விதிகளில் ஒன்று, 'முன்னிடைச்சொல் கொண்ட தொடருக்கு முன்னால் நிஹ்ட் வரும்' என்பது. 'நாஹ் ஷ்டுட்கார்ட்' போன்ற தொடருக்கு அது சரி. 'அம் மோன்டாக்' (திங்கட்கிழமை அன்று) என்பதிலும் முன்னிடைச்சொல் இருக்கிறது. அதனால் விதியை ஒழுங்காக மனப்பாடம் செய்தவர்தான் இங்கே மாட்டுவார்.

நடந்த ஒரு சம்பவத்தைப் பார்க்கலாம். வாகன பாகங்கள் செய்யும் ஒரு நிறுவனத்திலிருந்து ஒரு பெட்டி விமானத்தில் ஜெர்மனிக்குப் போகவேண்டும். திங்கட்கிழமை வண்டி வரவில்லை, பெட்டி டிஸ்பேட்ச் பகுதியிலேயே கிடந்தது. அதைத் தெரிவிக்க வேண்டிய இளைஞர், ஏ2 முடித்த உற்சாகத்தில், ஆங்கிலத்தைத் தவிர்த்து ஜெர்மனிலேயே எழுதினார்: 'வியர் ஹாபென் டீ டைலெ நிஹ்ட் அம் மோன்டாக் கெஷிக்ட்.' அவர் நினைத்தது, 'திங்கட்கிழமை அனுப்பவில்லை.' ஜெர்மனியில் படித்தவருக்கு அது சொன்னது, 'அனுப்பிவிட்டோம், ஆனால் திங்கட்கிழமை அன்று அல்ல.' இப்படி நேரச்சொல்லுக்கு நேர் முன்னால் நிஹ்ட் நின்றால் அந்தச் சொல் மட்டும் மறுக்கப்படும், மற்றது எல்லாம் உண்மை என்று ஆகிவிடும். அங்கிருந்து ஏர்வே பில் எண் கேட்டு நிதானமாக ஒரு பதில் வந்தது. பெட்டி இன்னும் கிளம்பவே இல்லை என்று தெரிந்தபோது, தாமதத்தைவிடப் பொய் சொன்னதாகத்தான் அங்கே கோபம். எழுத வேண்டியிருந்த வாக்கியத்தில் சொற்கள் எல்லாம் அவையே: 'வியர் ஹாபென் டீ டைலெ அம் மோன்டாக் நிஹ்ட் கெஷிக்ட்.' நேரில் பேசியிருந்தால், மோன்டாக்கில் அழுத்தம் விழுகிறதா இல்லையா என்பதே ஓரளவு காப்பாற்றியிருக்கும். மின்னஞ்சலில் அழுத்தம் கிடையாது, இடம் மட்டும்தான் பேசும்.

இந்தப் பிழையை அனுப்பும் முன்பே பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாக்கியத்தின் இறுதியில் 'ஸொண்டர்ன்' (மாறாக) என்ற சொல்லை மனதில் சேர்த்துப் பார்ப்பது. 'திங்கட்கிழமை அன்று அல்ல, மாறாக செவ்வாய்க்கிழமை' என்று தொடரத் தோன்றினால் நிஹ்ட் ஒரு சொல்லை மட்டும் மறுக்கிறது. தொடர எதுவுமில்லை என்றால் முழு வாக்கியத்தையும் மறுக்கிறது. இரண்டாவது வழி தமிழுக்கே உரியது, ஆங்கிலம் இதைத் தராது. 'அனுப்பவில்லை' என்று சொல்ல வந்தீர்களா, 'அனுப்பியது திங்கட்கிழமை அல்ல' என்று சொல்ல வந்தீர்களா? 'இல்லை' என்றால் நிஹ்ட் கடைசி வினையை ஒட்டி. 'அல்ல' என்றால் அந்தக் குறிப்பிட்ட சொல்லுக்கு முன்னால். எழுத்துத்தமிழில் இந்த வேறுபாட்டைப் பழகியவருக்கு ஜெர்மன் இலக்கணப் புத்தகத்தின் நீண்ட பட்டியல் தேவைப்படாது.

தமிழ் உதவாத இடமும் உண்டு. 'எல்லாப் பாகங்களையும் சோதிக்கவில்லை' என்று தமிழில் சொன்னால், சிலவற்றைச் சோதித்தோம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதை அப்படியே வரிசை மாறாமல் எழுதினால் 'அல்லெ டைலெ ஸிண்ட் நிஹ்ட் கெப்ரூஃப்ட்' என்று வரும். பாகங்கள் எல்லாமே சோதிக்கப்படாதவை என்று அங்கே கொள்ளப்பட வாய்ப்பு அதிகம். சிலவற்றைச் சோதித்தாகிவிட்டது என்றால் நிஹ்ட்டை முன்னுக்குக் கொண்டுபோக வேண்டும்: 'நிஹ்ட் அல்லெ டைலெ ஸிண்ட் கெப்ரூஃப்ட்.' எதுவுமே சோதிக்கப்படவில்லை என்றால் நேரடியாகக் கைனைப் பிடிப்பது நல்லது: 'கைன் டைல் இஸ்ட் கெப்ரூஃப்ட்.' தர ஆய்வு அறிக்கையில் இந்த இரண்டும் வெவ்வேறு முடிவுகள்.

நிஹ்ட் சரியான இடத்தில் நின்றும் பொருள் கெடுகிற ஓர் இடத்தையும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலம் வழியாக வந்தவர்கள் 'கூடாது' என்பதற்கு 'ம்யூஸென்' என்ற வினையோடு நிஹ்ட்டைச் சேர்ப்பார்கள். 'ஸீ ம்யூஸென் டீ ஷுட்ஸ்ட்யூர் நிஹ்ட் ஒஃப்னென்' என்று பாதுகாப்புக் கதவைப் பற்றி எழுதினால், 'திறக்க வேண்டியதில்லை, விருப்பமிருந்தால் திறக்கலாம்' என்றாகும். 'திறக்கக் கூடாது' என்று தடுக்க நிஹ்ட்டை நகர்த்திப் பயனில்லை, வினையை மாற்ற வேண்டும்: 'ஸீ ட்யூர்ஃபென் டீ ஷுட்ஸ்ட்யூர் நிஹ்ட் ஒஃப்னென்.'