மூன்று விநாடி பொறுங்கள்: ஒரு மணி நேரப் பட்டறை

ஆசிரியர் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார். மூன்று விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீளும். ‘தெரியாது’ என்பது குறையும். சுங்காய் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் இதைப் பழக 60 நிமிடம் போதும்.

முதல் 10 நிமிடம், தம் பாடத்தின் ஒலிப்பதிவைக் கேட்டு இடைவெளியை அளக்கட்டும். அடுத்த 10 நிமிடம், ஒருவர் செய்து காட்டலாம்: “ரப்பர் பாலில் அமிலம் விட்டால் ஏன் உறைகிறது?” கேட்டதும் மூன்று விநாடி மௌனம், பிறகே ஒரு மாணவரின் பெயர். அவர் பதில் சொன்னபின் மீண்டும் மூன்று விநாடி. பலர் மறப்பது இந்த இரண்டாவது மௌனத்தைத்தான்; மாணவர் “ஏன்னா…” என்று தொடர்வது அங்கேதான்.

பயிற்சிக்கு 25 நிமிடம் கொடுங்கள். கேட்பவர், மாணவர், கைப்பேசியில் நேரம் பார்ப்பவர் என மூவர் மாறி மாறிப் பழகட்டும். மௌனம் தாங்காமல் கேள்வியைத் திருப்பிச் சொன்னால் காத்திருப்பு கலைந்தது என்று பொருள். ஏழெட்டு எவ்வளவு போன்ற மனனக் கேள்விக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம்.

மறுநாள் பாடத்துக்கு மூன்று ‘ஏன்’ கேள்விகள் எழுத 10 நிமிடம்; இணை சேர 5 நிமிடம்.

இரண்டு வாரத்துக்குள் இணை சேர்ந்தவர்கள் ஒருவர் வகுப்பில் மற்றவர் 10 நிமிடம் அமர்ந்து விநாடிகளை மட்டும் குறிக்கட்டும். அந்தத் தாளை மதிப்பீட்டுக் கோப்பில் சேர்க்காதீர்கள்.