இடிகல்லில் ஏறிய பழைய மசாலா

பேத்தி தனிக்குடித்தனம் போனபோது என் இடிகல்லையும் எடுத்துப்போனாள். ஆறு மாதத்தில் போன் வந்தது. "அப்பத்தா, ஏலக்காய் தட்டினா பூண்டு வாடை வருது. கல்லைத் தொட்டா பிசுபிசுங்குது." அவளுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

1. இதெல்லாம் கருங்கல்லுக்கு. பளிங்குக் கல் என்றால் எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் படக்கூடாது, புளிப்பு அதை அரித்துவிடும். மாக்கல் மெதுவானது, அரிசி போட்டுத் தேய்த்தால் தேயும்.

2. வாடையை விரட்ட நினைக்காதீர்கள், எண்ணெயை எடுங்கள். கருங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டு. தேங்காய், முந்திரி, வறுத்த மசாலாவின் எண்ணெய் அதில் இறங்கி, காற்றுப் பட்டுச் சிக்குப் பிடிக்கிறது. பூண்டு வாடை அதில்தான் ஒளிந்திருக்கிறது.

3. பேத்தி பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் கல்லை ராத்திரி முழுக்க ஊறவைத்தாள். மறுநாள் சட்னியில் சோப்பு வாடை! சோப்பும் அதே குழிகளில்தான் போய் உட்காரும். இரண்டு ஸ்பூன் சீயக்காய்த்தூளை வடிகஞ்சியில் குழைத்துப் பூசி, அரைமணி கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். குளிர்ந்த கல்லில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடலாம்.

4. கல் நன்றாகக் காய்ந்தபின் ஒரு கைப்பிடி பச்சரிசி, அரை ஸ்பூன் கல்லுப்பு. இதை இடிக்கக்கூடாது. குழவியை அழுத்திச் சுழற்றி, பக்கச் சுவரில் விளிம்புவரை அரைக்க வேண்டும். இடித்தால் அடிக்குழி மட்டும்தான் சுத்தமாகும், பிசுக்கோ விளிம்புக்குக் கீழே வளையமாக நிற்கும். ஐந்து நிமிடம் அரைத்து, மாவைக் கொட்டிவிட்டு, புது அரிசி போடுங்கள். பேத்தி கல்லில் முதல் சுற்று மாவு மஞ்சளாக, கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது வெளிறியது. மூன்றாவதில்தான் வெள்ளையாக, உதிரியாக வந்தது. மாவு சாம்பல் நிறமாகி விரலில் நறநறத்தால் அது மசாலா இல்லை, கல்தூள். புதுக்கல்லில் அப்படி வரும், நறநறப்பு நிற்கும்வரை அரைக்க வேண்டியதுதான்.

5. பிறகும் லேசாக வாடை இருந்தால் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, ராத்திரி விட்டுக் காலையில் கழுவுங்கள். குழவியின் தலையை மறக்காதீர்கள். எல்லோரும் மறப்பது அதைத்தான்.

6. சோதனை இரண்டு. காய்ந்த கல்லில் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்றால் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, பரவி ஊறினால் போய்விட்டது. அப்புறம் ஒரு மணிநேரம் வெயிலில் வைத்து, கல் சூடாக இருக்கும்போதே முகர்ந்து பாருங்கள். ஜில்லென்ற கல் உண்மையைச் சொல்லாது.

7. இனிமேல் இடித்த கையோடு கழுவி, சாய்த்து வைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு மூடிவைத்தால் பூஞ்சை வாடை வேறு சேரும்.

கருவாடு இடித்த கல்லில் மட்டும் இவ்வளவு செய்தும் வாடை முழுதாகப் போய் நான் பார்த்ததில்லை. அதற்குத் தனியாக ஒரு கல் வைத்துக்கொள்ளுங்கள்.