லிஃப்ட் பிட்டை வானம் தோண்டும்போதே பேசுங்கள்

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் ஒரு கிரவுண்டு மனையில் எழும்பும் அப்பார்ட்மென்டைப் பார்த்திருப்பீர்கள். கீழே ஸ்டில்ட் பார்க்கிங், மேலே மூன்று மாடி, மனைக்காரருக்கும் பில்டருக்கும் ஜே.வி. டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு இப்படி ஒரு சைட்டில் ஜூனியராகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால், பெயர் வாங்க ஒரு நல்ல இடம் காலியாக இருக்கிறது. அதுதான் லிஃப்ட்.

கம்பி கட்டுவதைப் பார்க்க ஆள் உண்டு. கான்கிரீட்டைப் பார்க்க ஆள் உண்டு. லிஃப்ட்டுக்கு ஆர்கிடெக்ட் பிளானில் ஒரு கட்டம் போட்டுக் குறுக்கே பெருக்கல் குறி இழுத்திருப்பார். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அந்த இடத்தை ஓட்டையாக விட்டிருப்பார். பில்டரோ பூச்சு வேலை ஆரம்பித்த பிறகுதான் லிஃப்ட் கம்பெனிக்கு போன் போடுவார். அதற்குள் பிட் ஆழம், ஷாஃப்ட் அளவு, மேலே விடவேண்டிய உயரம் மூன்றும் கான்கிரீட்டாக உறைந்துவிடும். இந்த மூன்றையும் முன்கூட்டியே கையில் எடுப்பவரைத்தான் பில்டர் அடுத்த சைட்டுக்கும் கூப்பிடுவார்.

1. முதல் வேலை, காலம் மார்க்கிங்குக்கு முன்பே ஜி.ஏ. டிராயிங் வாங்குவது.

லிஃப்ட் கம்பெனிக்கு போன் செய்து 'ரேட் என்ன சார்' என்று கேட்பவர்கள் ஏராளம். நீங்கள் 'ஆறு பேர், நாலு ஸ்டாப், ஆட்டோ டோர், ஜி.ஏ. டிராயிங் அனுப்புங்கள்' என்று கேளுங்கள். மூன்று கம்பெனிகளிடம் வாங்கி, மூன்றிலும் எது பெரிய அளவோ அதை எழுதி ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு மெயில் போடுங்கள். பின்னால் பில்டர் எந்தக் கம்பெனியைப் பிடித்தாலும் ஷாஃப்ட் தாங்கும். மெயில் முக்கியம். வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஆறு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது.

டிராயிங் வரும்வரை ஒத்துப்பார்க்க ஐ.எஸ். 14665-இன் அளவுகள் போதும். ஆறு பேர் லிஃப்ட் என்பது 408 கிலோ, ஓர் ஆளுக்கு 68 கிலோ கணக்கு. கேபின் உள்ளளவு 1100-க்கு 1000 மி.மீ. ஷாஃப்ட் உள்ளளவு 1900-க்கு 1700, அதாவது ஆறேகால் அடிக்கு ஐந்தரை அடிக்குக் கொஞ்சம் மேல். இது பூச்சு, பீம், எல்லாம் போக மிஞ்சும் அளவு. பிளானில் 'ஐந்துக்கு ஐந்து' என்று கட்டம் போட்டிருந்தால் அங்கே ஆறு பேர் லிஃப்ட் உட்காராது. அதை அன்றைக்கே சொல்லுங்கள். அப்போது செலவு ஒரு டிராயிங்தான்.

2. பிட். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

கேபின் கடைசி ஸ்டாப்பையும் தாண்டிக் கீழே இறங்கினால் பஃபர் ஸ்பிரிங்கில் உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்த பிறகும் அடியில் வேலை செய்யும் மெக்கானிக் நசுங்காமல் ஒடுங்கிக்கொள்ள இடம் வேண்டும். பிட் ஆழம் என்பது அந்த இடம். நொடிக்கு 0.7 மீட்டர் வரை வேகமுள்ள லிஃப்ட்டுக்கு 1350 மி.மீ., ஒரு மீட்டர் வேகம் வரை 1500. ஐந்தடி என்று வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் சரி.

இப்போது மட்டங்களைப் போட்டுப் பார்ப்போம். ஸ்டில்ட் தரை ரோட்டிலிருந்து 450 மி.மீ. உயரம். பிட் ஆழம் 1500. ஆகவே பிட் தரை ரோட்டுக்கு 1050 கீழே. பக்கத்துக் காலத்தின் ஃபுட்டிங் ரோட்டுக்கு 1500 கீழே உட்கார்ந்திருக்கிறது, தடிமன் 450. அதன் தலையும் ரோட்டுக்கு 1050 கீழே. பிட்டின் 300 மி.மீ. ஸ்லாப் எங்கே போகும்? ஃபுட்டிங் இருக்கிற அதே இடத்துக்குத்தான். இரண்டும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். வானம் தோண்டும்போது யாரும் இதைக் கவனிக்காவிட்டால் மேஸ்திரி தனக்குத் தெரிந்த வழியில் தீர்த்துவிடுவார்: ஃபுட்டிங் தலைக்கு மேலே ஸ்லாப்பைப் போட்டு பிட்டை 1200 ஆக்கிவிடுவார். லிஃப்ட் கம்பெனி வந்து டேப் வைத்துப் பார்க்கும்போது 300 குறையும். பழியைச் சுமக்கப்போவது மேஸ்திரி இல்லை, சைட் இன்ஜினியர்.

தீர்வு எளிது, நேரத்தோடு கேட்டால். ஷாஃப்டைச் சுற்றியுள்ள காலங்களுக்கும் பிட்டுக்கும் சேர்த்து ஒரே ராஃப்டாகப் போடலாம், அல்லது அந்த ஃபுட்டிங்குகளை மட்டும் இன்னும் கீழே இறக்கலாம். முடிவு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருடையது. மேலே எழுதிய நாலு மட்டங்களை ஒரு தாளில் செக்‌ஷனாக வரைந்து அவர் முன்னால் வைப்பது உங்கள் வேலை.

அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு நிரம்பி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அங்கே பிட் தோண்டுகிறீர்கள் என்றால் அது ஒரு தொட்டி என்று நினைத்துத்தான் கட்டவேண்டும். ஒரே வித்தியாசம், சம்ப்பில் தண்ணீர் உள்ளே நிற்கவேண்டும், இங்கே வெளியே நிற்கவேண்டும். செங்கல் சுவர் கூடாது, தரையும் நாலு பக்கமும் ஆர்.சி.சி. தரைக்கும் சுவருக்கும் நடுவே வரும் ஜாயின்ட்தான் கசியும் இடம். தரை கான்கிரீட்டோடு சேர்த்தே சுவரை ஒரு சாண் எழுப்பி, அங்கே பி.வி.சி. வாட்டர்ஸ்டாப் பட்டையைப் பாதி புதைத்து, மீதிப் பாதியை மேல் கான்கிரீட்டுக்கு விடுங்கள். ஷட்டரிங் கட்டிய கம்பி ஓட்டைகளைத் தனியாக அடைக்கவேண்டும். பூச்சு பூசி மறைத்துவிட்டால் அடுத்த ஐப்பசியில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்துக் கோடு காட்டும், பஃபர் ஸ்பிரிங் துருப்பிடிக்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு, காலி பிட் மிதப்பது. நம் பிட்டின் வெளி அளவு 2.3-க்கு 2.1 மீட்டர். ராஃப்டோடு சேராத தனிப் பெட்டி என்றால் ஸ்லாப்பும் 200 மி.மீ. சுவரும் சேர்ந்து ஒன்பதரை டன் எடை. சுற்றி ரோடு மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால் அடியிலிருந்து ஆறரை டன் மேலே தள்ளும். ஸ்டில்ட் மட்டம் வரை நின்றால் ஏறக்குறைய எட்டே முக்கால், எடைக்கும் தள்ளலுக்கும் இடைவெளி மிகக் குறைவு. மாடிகள் எழும்பிவிட்டால் கவலை இல்லை. செப்டம்பரில் பெட்டியை மட்டும் போட்டுவிட்டு அக்டோபரில் வேலையை நிறுத்தினால் கவலைப்படவேண்டும். அப்படி ஒரு நிலை வந்தால் பிட்டுக்குள் நீங்களே தண்ணீர் விட்டு நிரப்பிவிடுங்கள். பார்ப்பவர் சிரிப்பார், பரவாயில்லை.

பிட்டின் மூலையில் ஓரடிக்கு ஓரடி சின்னக் குழி விடுங்கள், பம்ப் ஹோஸ் இறக்க. அதிலிருந்து மழைநீர்க் கால்வாய்க்குக் குழாய் போட்டுவிடாதீர்கள். ரோடு நிரம்பினால் அதே குழாயில் தண்ணீர் உள்ளே வரும். செப்டிக் டேங்க்கும் சம்ப்பும் பிட்டோடு பொதுச் சுவர் வைக்கவே கூடாது. ஒரு கிரவுண்டு மனையில் இடம் மிச்சம் பிடிக்க எல்லோருக்கும் அந்த ஆசை வரும்.

பல்லாவரம், குரோம்பேட்டை மலைப்பக்கம் கதை வேறு. அங்கே கொஞ்சம் தோண்டியதுமே சார்னோகைட் பாறை தட்டலாம். பிரேக்கர் வாடகையைப் பார்த்து 'நாலடி போதாதா' என்பார்கள். போதாது. வீட்டுக்குள் போடும் மெதுவான ஹோம் லிஃப்ட்டுக்குக் குறைந்த பிட் உண்டு. ஆனால் பல குடும்பங்கள் நாள் முழுக்க ஏறி இறங்கும் லிஃப்ட்டுக்கு அது மாற்று இல்லை.

3. ஷாஃப்ட் தூக்கு.

ஒவ்வொரு மாடி சென்டரிங் பிரித்ததும், மேலிருந்து மெல்லிய கம்பியில் தூக்குக் குண்டை பிட் வரை இறக்கி, நாலு மூலையிலும் கம்பிக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து தாளில் எழுதுங்கள். குண்டு ஆடினால் அதை ஒரு வாளித் தண்ணீரில் முக்கி வையுங்கள், நின்றுவிடும். ஏதோ ஒரு மாடியில் பீம் 40 மி.மீ. உள்ளே துருத்தியிருக்கும். இரண்டாவது மாடியில் தெரிந்தால் மூன்றாவதில் சரிசெய்யலாம். மொட்டை மாடியில் தெரிந்தால் பீமைக் கொத்தச் சொல்வார்கள். பீமைக் கொத்தலாமா என்று உங்களுக்கே தெரியும்.

சுவர் செங்கல்லா, ஏ.ஏ.சி. பிளாக்கா என்று பாருங்கள். கைடு ரெயிலைப் பிடிக்கும் பிராக்கெட்டுகள் ஏறக்குறைய இரண்டரை மீட்டருக்கு ஒன்று வரும். அவற்றின் ஆங்கர் போல்ட்டுக்கு கான்கிரீட் வேண்டும், பிளாக்கில் அடித்தால் நாளடைவில் தளர்ந்துவிடும். மாடிக்கு மாடி பீம் மட்டும் போதாது, நடுவிலும் ஓர் ஆர்.சி.சி. பேண்ட் கேளுங்கள்.

4. மேல் உயரமும் மெஷின் ரூமும்.

மாடிக்கு மூன்று மீட்டர் என்றால் மூன்றாம் மாடித் தரை 9.0 மீட்டரில், மொட்டை மாடி 12.0-இல். கடைசித் தரையிலிருந்து ஷாஃப்ட் கூரை வரை 4.2 மீட்டர் வேண்டும். ஆக அது 13.2-இல் வரும். மொட்டை மாடி ஸ்லாப்பையே மெஷின் ரூம் தரையாகப் போட்டுவிடும் தவறு இந்த 1.2 மீட்டரை மறப்பதால் வருவது. அந்த மேடைக்கு ஏறப் படி வேண்டும். மேலே ஏறக்குறைய எட்டடி உயர ரூம், அதன் கூரையில் மெஷினைத் தூக்க ஹுக். ஹுக்கை கான்கிரீட் போடும் அன்று மறந்தால் பிறகு டிரில் போட்டு வைப்பது அதற்கு ஈடாகாது.

எம்.ஆர்.எல். போட்டால் ரூம் இல்லை. மெஷின் ஷாஃப்டுக்குள்ளேயே உட்காரும். ஆனால் மேல் உயரம் பெரிதாகக் குறைந்துவிடாது, அந்தக் கம்பெனியின் டிராயிங்கைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். சர்வீஸுக்கும் உதிரிப் பாகத்துக்கும் பெரும்பாலும் அதே கம்பெனியை நம்பியிருக்கவேண்டும். ஆறு குடும்பம் பராமரிப்புப் பணம் போட்டு ஓட்டப்போகும் கட்டடத்தில், உள்ளூர் மெக்கானிக் கைவைக்கக்கூடிய மெஷின் ரூம் லிஃப்ட்டுக்கே என் ஓட்டு.

மெஷின் ரூம் என்றால் இரண்டை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று காற்று: எதிரெதிர் சுவரில் லூவர், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், மழைச் சாரல் அடிக்காத சன்ஷேடு. டிரைவ் பேனல்கள் 40 டிகிரி வரைக்கும் என்று செய்யப்படுபவை. மே மாதம் வெளியிலேயே 40 தொடும் ஊரில் பூட்டிய ரூமுக்குள் எவ்வளவு இருக்கும்? மத்தியானம் மட்டும் நின்று சாயங்காலம் தானாக ஓடும் லிஃப்ட் என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். இரண்டு, தண்ணீர்த் தொட்டி. 'உயரம் ஏற்கெனவே இருக்கிறதே' என்று லிஃப்ட் ரூம் தலையிலேயே ஓவர்ஹெட் டேங்க்கை வைக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. டேங்க் கசிந்தால் நேராகக் கன்ட்ரோலர் மேல். டேங்க்கைப் படிக்கட்டு ஹெட்ரூம் பக்கம் தள்ளுங்கள், குழாய் எதுவும் மெஷின் ரூமுக்குள் போகவேண்டாம்.

5. பேப்பர்.

தமிழ்நாடு லிஃப்ட், எஸ்கலேட்டர் சட்டம் 1997-இன்படி லிஃப்ட் நிறுவ முன் அனுமதியும், ஓட்ட லைசென்ஸும் மின் ஆய்வுத் துறையிடம் வாங்கவேண்டும். விண்ணப்பத்தை லிஃப்ட் கம்பெனிதான் நகர்த்தும். ஆனால் பிட் சுவிட்ச், பிட்டுக்குள் இறங்க ஏணி, ஷாஃப்ட் லைட் பாயின்ட், மெஷின் ரூம் கதவுப் பூட்டு, த்ரீ ஃபேஸ் சப்ளை என்று சிவில், எலெக்ட்ரிக்கல் பக்கம் விட்டுப்போனவற்றுக்கு உங்களைத்தான் தேடுவார்கள். கம்பெனியிடம் 'சிவில் ஸ்கோப்' பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்கி, முடிந்தவற்றுக்கு எதிரே தேதி போட்டு வையுங்கள்.

அந்தப் பட்டியல், மட்டங்கள் போட்ட செக்‌ஷன், மாடிவாரியான தூக்கு அளவுகள் மூன்றையும் ஒரு ஃபைலாக வையுங்கள். அடுத்த இன்டர்வியூவில் 'லிஃப்ட் வேலை தெரியுமா' என்று கேட்டால், வாயால் பதில் சொல்லாமல் அதை மேஜையில் வையுங்கள். சம்பளப் பேச்சை அதற்குப் பிறகு எடுங்கள்.