கூத்துப் பாடலை எழுத்தாக்குதல்

நுழையும்முன்

விடிய விடிய நிகழும் தெருக்கூத்தில் பாடல் காற்றில் பிறந்து காற்றிலேயே கலந்துவிடுகிறது. ஒலிப்பதிவிலிருந்து அப்பாடலை ஏட்டில் எழுத முற்படுபவர் கேட்டதை மட்டும் நம்பினால் போதாது. தாளம், தொடை, கதை ஆகிய மூன்றின் துணையும் வேண்டும். அது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

பாடல் ஒலிக்கும் முறை

திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம் முதலிய வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பாரதக் கதைகள் கூத்தாக நிகழ்த்தப்படுகின்றன. இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னே நின்று, வேடம் புனைந்தவர் தம் வரவைத் தாமே பாடுவார். அவர் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர்கள் வாங்கி மீண்டும் பாடுவர். மத்தளமும் தாளமும் காலத்தை அளக்க, முகவீணை மெட்டைத் தொடர்ந்து ஒலிக்கும்.

எனவே, ஒலிப்பதிவில் ஓரடியே பலமுறை கேட்கும். அடியின் முன்னும் பின்னும் ‘ஆ’, ‘ஏ’ என்னும் இசைநீட்டங்கள் சேரும். கூத்தர் குரல் தெளிவில்லாத இடத்தில் பின்பாட்டு கைகொடுக்கும். இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பதே முதற்படி.

தாளம் காட்டும் வழி

விளக்கத்திற்காக அமைக்கப்பட்ட கர்ணன் வரவுப் பாடல் ஒன்றைக் காண்போம். ஒலிப்பதிவில் கேட்டவாறு எழுதியபோது அது இவ்வாறு அமைந்தது:

ஆ... வில்லெ டுத்த வில்லெ டுத்த கர்ண னிங்கு ஏ வேக மாக வந்தனனே
... லழித்த தோழர்களுக்கு வாள்பி டிக்க வந்தனனே

முதலில், திரும்ப வந்த சொல்லையும் இசைநீட்டங்களையும் நீக்க வேண்டும். பின்னர்த் தாளத்தைக் கையால் தட்டி எண்ண வேண்டும். இப்பாடலில் ஒவ்வொரு தட்டுக்குள்ளும் மூன்று சிற்றளவுகள் அடங்குகின்றன. ‘வில்லெ’ என்பது ஒரு தட்டு. ‘டுத்த’ என்பது மற்றொரு தட்டு. பாடுபவர் சொல்லைத் தாளத்திற்கேற்பப் பிரிக்கிறார். எழுதுபவர் அதைப் பொருளுக்கேற்பச் சேர்க்க வேண்டும். அவ்வாறு சேர்த்தால் ‘வில்லெடுத்த’ என்னும் சீர் கிடைக்கிறது. சீருக்கு இரண்டு தட்டு, அடிக்கு எட்டுத் தட்டு என்பதும் புலப்படுகிறது.

இப்போது இரண்டாம் அடியில் உள்ள ‘தோழர்களுக்கு’ என்னும் சொல்லைத் தட்டிப் பார்த்தால் அது இரண்டு தட்டுக்குள் அடங்காமல் வழிகிறது. ‘தோழனுக்கு’ என்பது சரியாகப் பொருந்துகிறது. அலகிட்டாலும் ‘வில்லெடுத்த’, ‘கர்ணனிங்கு’, ‘வேகமாக’, ‘தோழனுக்கு’ ஆகிய அனைத்தும் கூவிளங்காயாகவே அமைகின்றன.

தொடையும் கதையும்

இரண்டாம் அடியின் முதலெழுத்தை முகவீணையின் ஒலி மறைத்துவிட்டது. முதலடி ‘வில்லெடுத்த’ எனத் தொடங்குவதால், எதுகைப்படி இங்கும் இரண்டாம் எழுத்து ‘ல்’ ஆதல் வேண்டும். சொல், கல், நல் எனப் பல சொற்கள் பொருந்தக்கூடும். பின்பாட்டை மீண்டும் கேட்கையில் ‘சொல்’ என்பது உறுதியாகிறது.

ஆயினும் ஓர் ஐயம் எஞ்சுகிறது. அது ‘சொல்லழித்த’ என்பதா, ‘சொல்லளித்த’ என்பதா? ழகர ளகர வேறுபாடு பேச்சில் மங்கிவிடுவதால் செவியால் முடிவுசெய்ய இயலாது. இரண்டும் ஒரே அளவின, எதுகையும் ஒன்றே. தாளமும் தொடையும் இங்கே உதவா. கதையே விடை தருகிறது. துரியோதனனுக்குக் கொடுத்த சொல்லைக் காத்தவன் கர்ணன். ஆகவே ‘சொல்லளித்த’ என்பதே பொருந்தும். பாடலைத் தொடர்ந்து வரும் வசனத்தில் கூத்தர் அதே செய்தியை உரைநடையில் கூறுவதுண்டு. ஆதலால் வசனத்தையும் சேர்த்தே பதிவுசெய்தல் நன்று.

திருத்திய வடிவம்:

வில்லெடுத்த கர்ணனிங்கு வேகமாக வந்தனன்
சொல்லளித்த தோழனுக்கு வாள்பிடிக்க வந்தனன்

கர்ணன் தன்னையே ‘கர்ணன் வந்தனன்’ எனப் படர்க்கையில் பாடுவதைப் பிழையெனக் கருதி ‘வந்தேன்’ எனத் திருத்தலாகாது. அது கூத்தின் மரபு.

முறையின் எல்லை

தாளத்தோடு பாடப்படும் தருவுக்கே தாளச் சோதனை பயன்படும். விருத்தம் தாளக்கட்டின்றி நீட்டிப் பாடப்படுவது. அங்குச் சீர்களை எண்ணியும் எதுகையைக் கொண்டுமே அடியை வரையறுக்க வேண்டும். எம்முறையிலும் தெளியாத சொல்லை ஊகித்து நிரப்பாமல் புள்ளியிட்டு விட்டுவைப்பதே நேர்மை. யார் பாடினார், எவ்வடியைப் பின்பாட்டு வாங்கியது என்பவற்றை ஓரத்தில் குறித்தால்தான் ஏட்டிலுள்ள பாடலை மீண்டும் ஒருவர் பாட இயலும்.

கற்பவை கற்றபின்...

1. ‘வாள்பிடிக்க’, ‘வந்தனன்’ ஆகிய சீர்களை அலகிட்டு வாய்பாடு எழுதுக.
2. உங்கள் ஊரில் பாடப்படும் கூத்துப் பாடல் ஒன்றைப் பாடுபவரின் இசைவுடன் பதிவுசெய்து எழுதுக. ஐயத்திற்குரிய சொற்களை எவ்வாறு தீர்த்தீர்கள் என்பதையும் குறிப்பிடுக.